எல்லாருக்கும் ஒரே ச்சாவ் இல்லை

2015 ஜூலை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை காலை, உலகின் தென்கோடியில், ஒனிஹங்கா என்ற புறநகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் தேநீர் அறையில், குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இத்தாலிக்குப் போகும் எல்லா மின்னஞ்சலும் இனி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தொடக்கம்: ‘ச்சாவ்’, பிறகு பெறுபவரின் முதல் பெயர். முடிவு: ‘உன் அப்ராச்சோ’. நாங்கள் நட்பான நிறுவனம், நம் கடிதங்களும் நட்பாக இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி.

‘உன் அப்ராச்சோ’ என்றால் ஒரு அணைப்பு; அந்த மொழியில் ‘உன்’ என்பது ‘ஒரு’.

எங்கள் நிறுவனம் இத்தாலியிலிருந்து பேக்கரி இயந்திரங்களை வரவழைத்து விற்பது. உதிரிபாகங்களுக்காக அங்குள்ள தொழிற்சாலையோடு கடிதம் எழுதுவது 2011 மே முதல் என் வேலை. அலுவலகத்தில் இத்தாலிய மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். மொழிபெயர்ப்பில் படித்த சில இத்தாலிய நாவல்களை மூலத்தில் படிக்க ஆசைப்பட்டு, 2008இல் பக்குரங்காவில் என் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். நாவல் படிக்கக் கற்ற மொழி எனக்கு பல்சக்கரம் கேட்டு எழுதுவதற்குப் பயன்பட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

தாளை ஒட்டியவர் புதிய மேலாளர். மலேசியாவிலிருந்து வந்தவர், என்னைவிட ஒன்பது வயது இளையவர், ஜூன் முதல் வாரத்தில் சேர்ந்திருந்தார். நல்ல மனிதர். சொந்தக் காசில் எல்லாருக்கும் கறிபஃப், சமோசா போன்ற அவர் ஊர்ப் பலகாரம், வாங்கி வருவார். தேநீர் அறையில் யாரும் இல்லாதபோது என்னோடு தமிழில் பேசுவார்.

“இதை நான் போட மாட்டேன்” என்றேன், தாளைக் காட்டி.

“ஏன் கா? ஃப்ரெண்ட்லியா இருந்தா என்ன கெட்டுப் போச்சு? நம்ம கஸ்டமருக்கு எல்லாம் ‘ஹாய்’ தானே போடுறோம்?”

“அவங்க ஊர்ல ச்சாவ் இந்த ஊரு ஹாய் இல்லைங்க. பார்க்கிறவங்க எல்லாருக்கும் போட முடியாது. முன்னப்பின்ன பார்க்காத பெரியவரை ‘வாடா போடா’ன்னு கூப்பிட்டுட்டு கட்டிப் பிடிச்சா எப்படி இருக்கும்?”

“ஐயோ, ஓவர் லா நீங்க. ஈமெயில் தானே.”

ஈமெயில்தான். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் யாரும் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. எங்களைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் அந்த முதல் வரியும் கடைசி வரியும்தான்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது என் சொந்தத் தப்பினால். 2011 மே மாதம் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளருக்கு நான் எழுதிய முதல் கடிதம் ‘காரோ’ என்று தொடங்கியது. ஆங்கிலத்தில் முகம் தெரியாதவருக்கும் ‘டியர்’. தமிழில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, தண்ணீர்க் குழாய் கேட்டு ஆணையருக்கு எழுதினாலும் ‘அன்புள்ள ஐயா’. இரண்டு மொழியும் கைகோத்து என்னைக் குழியில் தள்ளின. ‘காரோ’ என்பதன் அன்பு நிஜமான அன்பு. ஏற்கெனவே நெருங்கியவருக்கு மட்டும் எழுதுவது. மறுநாள் பதில் வந்தது: ‘ஜென்டீலே சிஞ்ஞோரா’ என்று தொடங்கி ‘திஸ்தின்தி சலூதி’ என்று முடிந்திருந்தது. ஜென்டீலே என்றால் பண்புமிக்க, மரியாதைக்குரிய, சிஞ்ஞோரா அம்மையார். திஸ்தின்தி சலூதி, மிகத் தள்ளி நின்று சொல்லும் வணக்கம். கோபம் ஒன்றும் இல்லை. நான் நிற்க வேண்டிய இடத்தை அவர் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டியிருந்தார், அவ்வளவுதான்.

வெட்கத்தில் அடுத்த கடிதத்தை ‘எக்ரேஜோ’ என்று தொடங்கினேன். மாலை வகுப்பு ஆசிரியையிடம் அதைக் காட்டியபோது, அது ஆண்களுக்கு மட்டும் எழுதும் விறைப்பான பழைய சொல், கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டியது மாதிரி இருக்கும் என்றார். பொறியாளருக்கு ‘ஜென்டீலே இன்ஜெஞ்ஞேரே’ போதும். பட்டத்தை மட்டும் விடக் கூடாது. யாரென்றே தெரியாமல் ஒரு நிறுவனத்துக்கு எழுதினால் ‘ஸ்பெத்தாபிலே’. பெயர் தெரியும், பழக்கம் இல்லை, அவசரமாக ஒரு விவரம் கேட்க வேண்டும் என்றால் ‘புவோன்ஜோர்னோ’ போட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தொடக்கத்தில் காற்புள்ளி போட்டால் அடுத்த வரி சின்ன எழுத்தில்தான் தொடங்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். நான் நான்கு கடிதங்களில் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்தேன். தேதி, யாருக்கு, தொடக்கம், முடிவு. எதிர்ப்பக்கத்தில் அவர்கள் எழுதிய தொடக்கம், முடிவு. என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தப் பக்கங்களில் ஒரு மனிதர் எப்படி அடிமேல் அடி வைத்து நெருங்கி வருகிறார் என்பது தெரிந்தது. பொறியாளர் ‘திஸ்தின்தி சலூதி’யிலிருந்து ‘கோர்தியாலி சலூதி’க்கு வர ஏழு மாதம் ஆனது. அது சாதாரண அலுவலக மரியாதை, எல்லாரும் போடுவது. அதிலிருந்து ‘உன் கோர்தியாலே சலூதோ’வுக்கு வர இன்னும் இரண்டு வருடம். சொற்கள் ஏறக்குறைய அவையே. ஆனால் பன்மை ஒருமையாகி, அந்த ஒரு வணக்கம் எனக்கென்று எடுத்துவைத்தது போல் ஆகிவிடுகிறது. 2014 பிப்ரவரியில் அது வந்த அன்று வீட்டில் கேசரி செய்தேன்.

இத்தனையையும் குளிர்பெட்டித் தாள் ஒரே ‘ச்சாவ்’ ஆக்கிவிடப் பார்த்தது.

அந்த வாரம் விளையாட்டுக்கு உரியதும் அல்ல. பாபகூராவில் யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒரு பேக்கரி வைத்திருந்தார்கள். அவர்களுடைய மாவு வெட்டும் இயந்திரம், பெரிய உருண்டை மாவை ஒரே அழுத்தில் முப்பது சமத்துண்டாக்கும் இத்தாலிய இயந்திரம், பத்து நாளாக நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. அந்த அம்மாவும் கணவரும் கையால் வெட்டி, ஒவ்வொரு துண்டாக நிறுத்து, பன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ரொட்டி வாங்கும் உணவகங்களில் பெரியது, ஆகஸ்ட் நடுவுக்குள் பழைய அளவு வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. தொழிற்சாலையோ அந்த வெள்ளிக்கிழமையோடு கோடை விடுமுறைக்கு மூடி, மூன்று வாரம் கழித்துத்தான் திறக்கும். இத்தாலியில் ஆகஸ்ட் மாதத்தை யாரும் அசைக்க முடியாது.

அந்த அம்மா தினமும் காலை எட்டரைக்குத் தொலைபேசியில் வருவார்.

“பிள்ளை, இண்டைக்கு என்னவாம்? சாமான் வெளிக்கிட்டுதோ?”

“இன்னும் இல்லைக்கா. அந்த மாடல்ல ரெண்டு விதப் பல்சக்கரம் இருக்கு. எது பொருந்தும்னு இன்ஜினியர் பார்த்துச் சொல்லணும். சொன்னாத்தான் அங்க அலமாரியிலேர்ந்து எடுப்பாங்க.”

“ஓம், அதை நேற்றும் சொன்னனீங்கள். இவருக்குக் கை ரெண்டும் வீங்கிப் போச்சு. பிளாக் டீ கோப்பையைத் தூக்கேலாமல் இருக்கிறார். என்ன எழுதினாலும் கெதியா எழுதுங்கோ. காலில விழவேணுமெண்டாலும் என்ரை பேரைப் போட்டு விழுங்கோ.”

திங்கட்கிழமை மாலை, உடைந்த சக்கரத்தின் அளவுகள் அன்றுதான் கைக்கு வந்ததால் மறுநாள் எழுதலாம் என்று நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, மேலாளர் தானே பொறியாளருக்கு எழுதிவிட்டார். இணையத்தின் மொழிபெயர்ப்பு உதவியோடு. எனக்கும் ஒரு பிரதி வந்திருந்தது. ‘ச்சாவ்’, பொறியாளரின் முதல் பெயர், அவசரமாக ஒரு உதவி வேண்டும் நண்பா, பெரிய அணைப்போடு முடிவு. நான்கு வருடமாக நான் அந்த முதல் பெயரை மனத்துக்குள்கூட உச்சரித்ததில்லை. அவருக்கு அறுபதை ஒட்டிய வயது என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை பதில் வந்தது. அது மேலாளருக்கு இல்லை, எனக்கும் இல்லை. ‘ஸ்பெத்தாபிலே’ போட்டு எங்கள் நிறுவனத்தின் பெயர். கோரிக்கையை உரிய முறையில், இயந்திரத்தின் எண்ணோடு, அலுவலகத்துக்கு அனுப்பவும், வரிசைப்படி கவனிக்கப்படும். ‘திஸ்தின்தி சலூதி’.

நான்கு வருட ஏற்றம் ஒரே இரவில் அடிவாரத்துக்கு வந்துவிட்டது.

“பார்த்தீங்களா கா, பதில் போட்டுட்டாரு” என்றார் மேலாளர், உண்மையான மகிழ்ச்சியோடு.

“அவரு கதவைச் சாத்திட்டாருங்க. நான் எழுதுறேன். என் மாதிரி எழுதுறேன்.”

“டெம்ப்ளேட் இருக்குல்ல கா? நீங்க ஒண்ணு நான் ஒண்ணு எழுதினா கம்பெனிக்கு ரெண்டு மூஞ்சியா? பாஸ் கிட்ட நான்தான் பதில் சொல்லணும்.”

“சொல்லுங்க. நான் எழுதினதாவே சொல்லுங்க.”

அவர் முகம் மாறியது. “சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள சாமான் கிளம்பலைன்னா, திங்கள்லேர்ந்து இத்தாலி மெயில் எல்லாம் நான் பார்த்துக்கிறேன். நீங்க கிடங்குக் கணக்கைப் பாருங்க.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு, அவர் என் மேசைக்குப் பின்னால் நிற்கும்போதே எழுத உட்கார்ந்தேன். ‘ஜென்டீலே இன்ஜெஞ்ஞேரே’, காற்புள்ளி, அடுத்த வரி சின்ன எழுத்து. இயந்திரத்தின் எண். உடைந்த பல்சக்கரத்தின் பற்கள் எத்தனை, துளையின் விட்டம் எவ்வளவு. பேக்கரியில் இரண்டு பேர் கையால் வெட்டுகிறார்கள் என்று ஒரு வரி. அணைப்பைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. மேலாளரைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், அவர் சார்பில் மன்னிப்பும் கேட்க மாட்டேன். ஆனால் முடிவில் எனக்கு உரிமையாகியிருந்த ‘உன் கோர்தியாலே சலூதோ’வைப் போடாமல், ஒரு படி இறங்கி, ‘கோர்தியாலி சலூதி’ என்று எழுதினேன். நடந்தது எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்திலிருந்து நான் பின்வாங்கி நிற்கிறேன் என்பதைச் சொல்ல எனக்கு வேறு கண்ணியமான வழி தெரியவில்லை.

“ஒரு உம்மாகூட இல்லையா கா?” என்றார் மேலாளர், பின்னாலிருந்து. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

வியாழன் காலை ஒன்றும் வரவில்லை. பாபகூரா அம்மாவிடம் ச்சாவ் கதையைச் சொன்னேன். “சாவோ? விடிஞ்சதும் விடியாததுமா இது என்ன வாய் பிள்ளை!” என்றார். பிறகு, “உங்கடை ஆள் கட்டிப் பிடிக்கிறதெண்டா இஞ்சை வந்து மாவைக் கட்டிப் பிடிக்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

வெள்ளி காலை இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது பொறியாளருடையது. ‘ஜென்டீலே சிஞ்ஞோரா’. பழைய வகைப் பல்சக்கரம்தான் பொருந்தும். அனுப்ப ஒப்புதல் தருகிறேன். உதிரிபாகப் பிரிவுக்கும் தெரிவித்துவிட்டேன். முடிவில் ‘உன் கோர்தியாலே சலூதோ’. என்னைத் திரும்பவும் அந்தப் படிக்கே கூப்பிட்டிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே அதை இரண்டாம் முறை படித்தேன்.

இரண்டாவது உதிரிபாகப் பிரிவிலிருந்து. ‘புவோன்ஜோர்னோ. கூரியர் கடைசியாக வியாழன் மதியம் வந்து போய்விட்டது. பொருள் விடுமுறைக்குப் பின் அனுப்பப்படும். சலூதி.’

வெறும் ‘சலூதி’. அதுவும் வணக்கம்தான், ஆனால் முன்னும் பின்னும் எந்த அடையும் இல்லாமல் தனியே நின்றால், பேச்சு முடிந்தது என்று பொருள்.

எழுதியவள் இளம்பெண். அவளை யாரும் குறை சொல்ல முடியாது, விதிப்படி சொன்னாள். அலுவலகம் திறந்திருக்கும் கடைசி நாள் அது. அவளே பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருக்கும் கூரியர் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. அது அவள் வேலை இல்லை. அப்படி ஓர் உதவியைக் கேட்பதற்கு நான் அவளுக்கு யார்?

குறிப்பேட்டில் அவள் பக்கத்தைப் புரட்டினேன். 2013 நவம்பர். அவள் வேலைக்குச் சேர்ந்து எனக்கு எழுதிய மூன்றாவது கடிதம். ‘ச்சாவ்’, என் பெயர், நாம் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே எழுதிக்கொள்ளலாமா என்று ஒரு வரி, முடிவில் ‘அ பிரெஸ்தோ’, சீக்கிரம் சந்திப்போம். என் பதில் எதிர்ப்பக்கத்தில்: ‘ஜென்டீலே சிஞ்ஞோரா… கோர்தியாலி சலூதி’. கேள்விக்குப் பதிலே இல்லை. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘அவசரக்காரி’. அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய ‘புவோன்ஜோர்னோ’வும் ‘சலூதி’யும் தொடங்குகின்றன. அதற்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: ‘திருந்திவிட்டாள்’.

இருபது மாதங்களாக நான் அதை வெற்றி என்று நினைத்திருந்தேன். பொறியாளரிடம் படிப்படியாக ஏறிய பெருமையில், எல்லாரும் அப்படித்தான் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அவள் நீட்டிய கையை நான் தட்டிவிட்டேன். சம வயதுக்காரர்களும் சம வேலை செய்பவர்களும் அந்த ஊரில் இரண்டாம் கடிதத்திலேயே ‘ச்சாவ்’ போட்டுக்கொள்வது ஒன்றும் புதுமை இல்லை என்று என் ஆசிரியையே சொல்லியிருந்தார். அப்படி ஒருத்தி கேட்ட பிறகும் தள்ளி நிற்பது மரியாதை இல்லை. மூஞ்சியில் அடிப்பது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன், உதிரிபாகப் பெண்ணுக்கு நான் ‘ச்சாவ்’ எழுதப் போகிறேன் என்று.

“அப்பாடா! கடைசியில டெம்ப்ளேட்டுக்கு வந்துட்டீங்க.”

“டெம்ப்ளேட் இல்லைங்க. அவ கேட்டா, அதனால எழுதுறேன். இன்ஜினியர் கேட்கலை.”

“ரெண்டும் ஒரே ச்சாவ் தானே லா?”

“வேணும்னா நீங்களே எழுதுங்களேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எனக்கு அந்தப் பொண்ணு பேரே தெரியாது கா” என்றார்.

அவருடைய மாதிரியில் பெயருக்கு ஒரு இடம் இருந்தது, அதில் போட அவரிடம் பெயர் இல்லை.

நான்கு மணிக்கு எழுதத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்தேன். ஏழு வரிதான். ‘ச்சாவ்’ என்று அவள் பெயரைப் போட்டு, இப்படி எழுதினேன்: 2013 நவம்பரில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பதில்: ஆம். இத்தனை தாமதத்துக்குப் பிறகு உடனே ஓர் உதவி கேட்பது நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கிறேன். பேக்கரியில் இரண்டு பேர், வீங்கிய கைகள், ஒரு பல்சக்கரம். முடியாவிட்டாலும் பரவாயில்லை, ‘ஆம்’ அப்படியே இருக்கும்.

முடிவில் ‘உன் காரோ சலூதோ’ என்று போட்டேன். அன்பான ஒரு வணக்கம். அணைப்பு போடவில்லை; அதற்கு நாங்கள் ஒரு முறையாவது சேர்ந்து காப்பி குடித்திருக்க வேண்டும்.

இங்கே ஜூலை குளிர்காலம்; அப்போது இங்கே மாலை ஆறு என்றால் இத்தாலியில் காலை எட்டு. வெளியே இருட்டிவிட்டது. மேலாளரும் போகவில்லை, தன் அறையில் எதையோ அடுக்குவது போல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆறு இருபத்தைந்துக்கு வந்தது. ‘ச்சாவ் காரா’, அந்தக் ‘காரோ’வின் பெண்பால். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே கொண்டுபோய்க் கொடுப்பாளாம், அனுப்பிய எண்ணை மாலையில் தருவாளாம். கடைசியில் ஒரு வரி: நீ என்னை வெறுக்கிறாய் என்றே இவ்வளவு நாளாக எங்கள் பிரிவில் எல்லாரும் நினைத்தோம்.

அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில் என் கருத்து ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பல்சக்கரம் வந்தது. எங்கள் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் அன்று மாலையே பாபகூரா போய்ப் பொருத்தினார். மறுநாள் எட்டரைக்குத் தொலைபேசி. “பிள்ளை, வெட்டுது! முப்பதும் முப்பதுதான், எண்ணிப் பார்த்திட்டன். இவர் அந்த மெஷினுக்குப் பக்கத்திலயே கதிரையைப் போட்டு இருந்து கோப்பி குடிக்கிறார்.” அந்த உணவகமும் அவர்களை விட்டுப் போகவில்லை.

மேலாளர் கறிபஃப் பெட்டியோடு வந்தார். “நான் சொன்னேன்ல கா? ச்சாவ்தான் வேலை செஞ்சுச்சு.”

“ஒருத்திகிட்ட. அதுவும் நான் ரெண்டு வருஷம் தாமதமாப் போட்டதால இத்தனை பாடு. இன்ஜினியர்கிட்ட உங்க ச்சாவால ரெண்டு நாள் போச்சு. அந்த ரெண்டு நாள் போகலைன்னா வியாழக்கிழமைக் கூரியரே எடுத்துட்டுப் போயிருக்கும்.”

“அப்போ ரெண்டு பேரும் தப்பு.”

“ஆமா. ஆனா நான் என் தப்பைக் குளிர்பெட்டியில ஒட்டலை.”

அவர் உரக்கச் சிரித்தார். கடிதங்களை என்னிடமிருந்து எடுக்கவில்லை. தாளையும் எடுக்கவில்லை, அது அவருடைய மானப் பிரச்சினை. நானும் அவரை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் அந்த வேலையை விடும்வரை பொறியாளருக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ‘ஜென்டீலே இன்ஜெஞ்ஞேரே’ என்றே தொடங்கியது, ஒவ்வொன்றிலும் மேலாளருக்கு ஒரு பிரதி போட்டேன்.